மாமனாரின் வில்லும் மாமியாரின் தட்டைப் பாதமும்

எங்கள் வீட்டில் குளித்துவிட்டு வந்தது யார் என்பதைத் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். மாமனார் என்றால் ஐந்து விரல்கள், அவற்றுக்குக் கீழே ஓர் ஈரத்திட்டு, பிறகு காய்ந்த தரை, அதற்கும் பின்னால் குதிகாலின் வட்டம். நடுவில் யாரோ அழித்துவிட்டது போல இருக்கும். மாமியார் என்றால் முழு ஊத்தப்பம்.

நான் கல்யாணமாகி, பினாங்குத் தீவில் சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே மாமா இந்த வித்தியாசத்தை எனக்குக் காட்டிவிட்டார். நான் பிசியோதெரபிஸ்ட் என்பதால் அதை ரசிக்கத் தெரிந்தவள் நான்தான் என்று அவருக்கு எண்ணம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஈரக்காலோடு நின்று, "பாத்தியாம்மா, வில்லு மாதிரி. இது ராஜா கால். உங்க அத்தைக்கு வாத்துக் கால்" என்றார். அத்தை அடுப்படியிலிருந்து, "அந்த வாத்துதான் உங்களுக்குச் சோறு போடுது" என்றார். இரண்டு பேரும் இதைப் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள் என்பது அவர்கள் குரலிலேயே தெரிந்தது.

இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. பெண் பார்க்கப் போன அன்று அத்தை தேநீர்த் தட்டோடு நடந்து வந்தபோது மாமாவின் அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "பொண்ணு நல்லாத்தான் இருக்கு, பாதந்தான் தட்டையா இருக்கு. தட்டைக்கால் உள்ள பொண்ணு வந்தா வீட்டுல காசு தங்காதும்பாங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாராம். கல்யாணம் நடந்துவிட்டது. அந்தச் சொல்லும் கூடவே குடிவந்துவிட்டது. வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்தாலும், காடி நடுரோட்டில் பழுதாகி நின்றாலும், யாராவது ஒருவர் அத்தையின் காலைப் பார்ப்பார். மாமாவின் அம்மா போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு அந்தப் பொறுப்பை மாமா விளையாட்டாக எடுத்துக்கொண்டார். அவருக்கு அது விளையாட்டு. அத்தைக்கு எப்படி என்று யாரும் கேட்டதில்லை.

மாமா துறைமுக அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தை பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதை நான் அப்போது ஒரு தகவலாக மட்டும் தெரிந்து வைத்திருந்தேன்.

விவகாரம் தொடங்கியது ஓர் உறவினர் கல்யாணத்தன்று காலையில். எல்லோரும் புறப்பட்டு வாசலில் நிற்கிறோம். உள்ளே மாமாவின் அறையிலிருந்து ஒரு பெரிய சத்தம், தொடர்ந்து அலமாரிக் கதவு அடித்துக்கொள்ளும் சத்தம், தொடர்ந்து மாமாவின் குரல்: "யாரும் உள்ள வராதீங்க."

நாங்கள் எல்லோரும் உள்ளே போனோம். மாமா ஒரு காலைச் சிலுவாரில், அதாவது கால்சட்டையில், விட்டிருந்தார், மறுகால் வெளியே இருந்தது. அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே சாய்ந்தபடி, மேலே சட்டை, டை எல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, கூரையைப் பார்த்துக் கொண்டிருந்தார். நல்லவேளை, அடி ஒன்றும் பலமாக இல்லை. முழங்கையில் கொஞ்சம் தோல் போயிருந்தது.

"தரை வழுக்குது" என்றார்.

"தரை காஞ்சு கெடக்குதுங்க" என்றார் அத்தை.

"மொசைக்குலா. மொசைக்கு அப்படித்தான்."

"நீங்க வழுக்கல. ஒத்தக் கால்ல நிக்க முடியாம சாஞ்சிட்டீங்க. போன மாசமும் கட்டில்ல உக்காந்துதான் போட்டீங்க, நான் பாத்தேன்."

மாமா என்னைப் பார்த்தார். ஒரு நீதிபதியைப் பார்ப்பது போன்ற பார்வை அது. "நீயே சொல்லும்மா. இப்படி வளைவு உள்ள காலுக்கு நிக்க முடியாம போகுமா?"

போகும் என்று அந்த இடத்தில் சொல்வது மரியாதையாக இருக்காது. ஒரு கால் சிலுவாரில் மாட்டியிருக்கும் மனிதரிடம் எதையும் வாதாடக் கூடாது. "திங்கக்கெழம கிளினிக்குக்கு வாங்க மாமா, பாத்துரலாம்" என்றேன். வயதானவர் விழுந்தால் நான் சிரித்துவிட்டுப் போக முடியாது. விழுந்தவர்கள் எலும்பு முறிந்து என்னிடம்தான் வருகிறார்கள்.

என் கிளினிக் ஆயர் ஈத்தாமில் ஒரு கடை வீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே சைக்கிள் கடை. சன்னலைத் திறந்தால் பஸ் சத்தமும் பசார் பக்கத்து லக்சா மீன்சூப் வாசமும் சேர்ந்து வரும். மாமா திங்கட்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார், புதுச் சப்பாத்தும் காலுறையும் அணிந்து. அத்தை துணைக்கு வந்தார், சிலிப்பரோடு, கையில் காய்கறிப் பையோடு. மாமா சோதனைக்கு வரவில்லை. தன் கால் சரியானது என்று ஒரு நிபுணர் வாயால் கேட்டுவிட்டு, அதை அத்தை முன்னால் நிறுவிவிட்டுப் போக வந்தார்.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்டேன். சர்க்கரை வியாதியிலோ வேறு நரம்புக் கோளாறிலோ உணர்ச்சி மங்கினால் தடுமாற்றம் வரும். அதுவும் கால் வளைவு மிக உயர்ந்திருப்பவர்களிடம் நரம்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மாமாவுக்கு எல்லா இடத்திலும் தெரிந்தது. போதாததற்கு நான் தொடாதபோதும் இரண்டு முறை தெரிந்தது என்றார். அது நரம்பு இல்லை, போட்டி மனப்பான்மை. தலைசுற்றல், பார்வை, மாத்திரைகள் பற்றியும் கேட்டுவிட்டு, குடும்ப டாக்டரிடமும் ஒருமுறை காட்டச் சொன்னேன்.

பிறகு உட்காரவைத்து, பாதத்தின் உள்பக்கம் கணுவுக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். தரையிலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு உயரம் என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தேன். ஏறக்குறைய அதே இடத்தில் இருந்தது.

"அசையவே இல்ல பாத்தியா" என்றார் மாமா அத்தையிடம், பெருமையாக.

"அதான் மாமா யோசிக்க வேண்டிய விஷயம்" என்றேன். "அத்தை, நீங்களும் உக்காருங்க."

அத்தை காய்கறிப் பையை இறக்கிவைக்கவே யோசித்தார். "எனக்கு எதுக்கு? எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே. அதுல என்ன இருக்கு பாக்க" என்று காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். கால் காட்ட அவர் கூச்சப்பட்டதை அன்றுதான் கவனித்தேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர் எப்போதும் காலை மடித்தே உட்காருவார். அது பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஒருவழியாகக் காலை நீட்டினார், அதிலும் அதே புள்ளியை வைத்தேன். உட்கார்ந்திருக்கும்போது அவர் பாதத்தில் ஒரு சின்ன வளைவு இருந்தது. எழுந்து நின்றதும் புள்ளி இறங்கிப்போய், வளைவு தரையோடு படிந்தது. "வாத்து" என்று மாமா வாயெடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க மாமா. அத்தை, மேசையப் புடிச்சுக்கிட்டு குதிகாலத் தூக்குங்க. விரல் மேல நில்லுங்க."

அத்தை எழும்பினார். குதிகால் உள்பக்கமாகத் திரும்பியது. தட்டையாகக் கிடந்த பாதத்துக்கு நடுவே, தோலுக்குக் கீழிருந்து யாரோ தூக்கியது போல, வளைவு எழுந்து நின்றது. அழகான, முழுமையான வளைவு.

மாமா நாற்காலியிலிருந்து இறங்கி மண்டி போட்டுப் பார்த்தார். "எறங்கு" என்றார். அத்தை இறங்கினார். வளைவு மறைந்தது. "ஏறு." வந்தது. "எறங்கு." போனது.

"என்னங்க, காடி தூக்குற ஜாக்கியா நான்?" என்றார் அத்தை.

மாமா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். "இத்தன வருஷமா இத எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

நான் அவர்களை உட்காரவைத்து என் பிளாஸ்டிக் பாதத்தை எடுத்துக் காட்டினேன். கல்பாலம் போல எலும்புகள் அடுக்கி நிற்கின்றன. குதிகாலிலிருந்து விரல் அடிவரை கீழே ஒரு தடித்த பட்டை ஓடுகிறது, வில்லுக்கு நாண் போல. அதற்கு மேலே எலும்போடு எலும்பைக் கட்டும் தசைநார்கள். காலை ஊன்றும்போது உடம்பின் எடை வளைவை அழுத்துகிறது. வளைவு கொஞ்சம் தாழ, பட்டையும் தசைநார்களும் இழுபடுகின்றன. இழுபட்டதில் விசை சேர்கிறது. குதிகால் எழும்பி அடுத்த அடிக்குக் கிளம்பும்போது வளைவு மீண்டு, சேர்த்த விசையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கிறது. நடக்கும்போது கொஞ்சம், ஓடும்போது இன்னும் அதிகம்.

"வில்லுன்னா வளைஞ்சிருக்கணும். எனக்கு வளைஞ்சிருக்கு" என்றார் மாமா.

"வளைஞ்சா மட்டும் போதாதுலா மாமா. அசையணும். உங்க வில்லு அசையவே மாட்டேங்குது. அத்தையோடது தாழ்ந்து தாழ்ந்து ஏறுது."

அவர் நம்பவில்லை. அத்தையின் பாதம் தரையில் இருக்க, பெருவிரலை மட்டும் என் கையால் மேலே தூக்கினேன். வளைவு தானாக எழும்பியது. அந்தப் பட்டை விரல் மூட்டைச் சுற்றிப் போய் ஒட்டியிருப்பதால், விரலைத் தூக்கினால் கயிற்றை உருளையில் சுற்றியது போல இறுகி, குதிகாலையும் முன்பாதத்தையும் கிட்டக் கொண்டுவருகிறது. நடக்கும்போது குதிகால் எழும்ப எழும்ப விரல் மடங்குவதும் இதையேதான் செய்கிறது. உதைத்துக் கிளம்பும் நேரத்தில் பாதம் உறுதியாகிறது. மாமாவின் விரலைத் தூக்கினேன். கொஞ்சம்தான் தூக்க முடிந்தது. வளைவு அப்படியே பார்த்துக் கொண்டிருந்தது.

"சரி. வில்லு வேற, நிக்கிறது வேற" என்றார் மாமா. இதில் அவர் சொன்னது பாதி உண்மை என்பதால் ஒப்புக்கொண்டேன். "நிக்கிறதையும் பாத்துரலாம்" என்றேன்.

இருவரையும் வெறுங்காலில், கட்டிலின் பக்கத்தில் நிறுத்தினேன். இரண்டு காலிலும் நிற்கும்போது வித்தியாசம் ஒன்றும் இல்லை. அப்படி நிற்க உள்ளங்காலின் சின்னத் தசைகளுக்குப் பெரிய வேலையும் இல்லை, அவை ஏறக்குறைய தூங்கும். "இப்ப ஒரு காலத் தூக்குங்க" என்றேன்.

அத்தையின் பாதத்தில் அப்போதுதான் கூட்டம் கூடியது. பெருவிரலின் பக்கம் ஒரு தசை திரண்டது. விரல்கள் தரையை அழுத்தித் தளர்ந்து மறுபடி அழுத்தின. உடம்பு உள்பக்கம் சாயப் பார்த்தால் ஓர் இழுப்பு, வெளிப்பக்கம் சாயப் பார்த்தால் இன்னோர் இழுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் அத்தை சும்மா நிற்பது போல இருக்கும். கீழே பாதம் சும்மா இல்லை. அந்த நேரம் அவர் கைத்தொலைபேசி அடித்தது. எடுத்தார். "ஆமாலா, கிளினிக்குலதான் இருக்கேன். ஒண்ணும் இல்ல, ஒத்தக் கால்ல நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மீன் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

மாமா காலைத் தூக்கினார். அவர் விரல்கள் பருந்து நகம் போல வளைந்து தரையைப் பிறாண்டின. இரண்டு கைகளும் விரிந்தன. தொலைபேசியில் பேசும் அத்தையைப் பார்த்து, பார்த்த கோபத்தில் இன்னும் உயரத் தூக்கினார். நான் பக்கத்திலேயே இருந்தேன், அவர் இடுப்பைப் பிடிக்கக் கையும் நீட்டினேன். அவர் என் கையைத் தவிர்த்துவிட்டு மறுபக்கம் சாய்ந்தார். அங்கே நோயாளிகள் உட்கார்ந்து பயிற்சி செய்யும் பெரிய நீலப் பந்து இருந்தது. அதன் மேல் உட்கார்ந்தார். பந்து அவரை ஒருமுறை மேலே அனுப்பி, மறுபடி வாங்கிக்கொண்டது.

அத்தை தொலைபேசியில், "அவரு பந்து மேல உக்காந்திருக்காரு. அப்புறம் பேசுறேன்" என்றார்.

மாமாவுக்கு நான் விளக்கினேன். நிற்பது பாதத்தின் வேலை மட்டும் இல்லை. கண், காது, கெண்டைக்கால், இடுப்பு எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. பெரிய இழுப்புகளைக் கெண்டைக்கால் தசைகள் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் பாதத்துக்குள்ளேயே தொடங்கி பாதத்துக்குள்ளேயே முடியும் சின்னத் தசைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒற்றைக்காலில் நிற்கும்போது பக்கவாட்டில் ஆடும் உடம்பைத் திருத்துவதில் அவற்றுக்கு முக்கியப் பங்கு. பாரம் கூடினால் வளைவு ஒரேயடியாகத் தொய்ந்துவிடாமல் தாங்குவதும் அவைதான். தட்டைக்கால் எல்லாம் நல்லது, உயர்ந்த கால் எல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வலிக்கும் தட்டைக்காலும், எழும்பவே எழும்பாத தட்டைக்காலும் என்னிடம் வருகின்றன. அத்தையுடையது அந்த வகை இல்லை, அவ்வளவுதான்.

"அதுக்குப் பலம் வர வைக்க முடியுமா, இல்ல போனது போனதுதானா?" என்று கேட்டார் மாமா. பந்திலிருந்து இறங்காமலே கேட்டார். குரலில் முதன்முறையாகக் கொஞ்சம் பயம் இருந்தது.

முடியும் என்றேன். பயிற்சி கொடுத்தேன். பாதத்தைத் தரையில் வைத்து, விரல்களை மடக்காமல், முன்பாதத்தைக் குதிகால் பக்கம் இழுத்துப் பாதத்தைக் குட்டையாக்க வேண்டும். இன்னொன்று: நான்கு விரல்களும் தரையில் இருக்க, பெருவிரலை மட்டும் தூக்க வேண்டும். பிறகு பெருவிரல் தரையில் இருக்க, மற்ற நான்கையும் தூக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. முதல்முறை செய்யும்போது பெரும்பாலும் எல்லோரும் தங்கள் கால்விரலையே அந்நியரைப் போலப் பார்ப்பார்கள். மாமா பெருவிரலைத் தூக்கச் சொன்னால் ஐந்தும் எழும்பின. கூடவே புருவமும் எழும்பியது.

அடுத்த வாரங்களில் எங்கள் வீட்டில் பேச்சு முழுக்கக் கால்விரல்தான். மாமா சாப்பாட்டு மேசைக்கு அடியில் பயிற்சி செய்வார். முகம் இறுகி, மூச்சு நின்றுவிடும். என் கணவர் முதல் நாள் பயந்து, "அப்பாவுக்கு நெஞ்சு வலியா?" என்று கேட்டார். "வெரலு" என்றார் அத்தை, சாம்பார் ஊற்றிக்கொண்டே. வீட்டுக்குள் தடித்த சிலிப்பர் போடும் பழக்கத்தையும் மாமா விட்டார். அத்தைக்கு இரண்டாம் நாளே பெருவிரல் தனியாக எழும்பிவிட்டது. அதை அவர் மாமா பார்க்கும்போது மட்டும் செய்து காட்டினார்.

பயிற்சியை உட்கார்ந்து தொடங்குங்கள், மெதுவாகக் கூட்டுங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். மாமா அவசரக்காரர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் பூசை நேரம். நல்ல கூட்டம். வெறுங்கால், குளிர்ந்த தரை, வேறு வேலை இல்லை. வேட்டிக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் அவர் பாதத்தைக் குட்டையாக்க ஆரம்பித்திருக்கிறார். தீபம் காட்டும் நேரத்தில் உள்ளங்காலில் தசை பிடித்துக்கொண்டது. பழகாத தசையை இழுத்தால் அப்படி ஆவது சகசம்தான்.

நானும் அத்தையும் பெண்கள் பக்கம் நின்றோம். மேளச் சத்தத்துக்கு நடுவே "ஆ" என்றொரு குரல். திரும்பினால் மாமா ஒற்றைக்காலில் குதிக்கிறார். கண் செருகியிருக்கிறது, பல் கடித்திருக்கிறது. கூட்டம் மரியாதையாக விலகி இடம் விட்டது. யாரோ ஒரு கை நிறையத் திருநீற்றை அவர் நெற்றியில் அப்பினார்கள். மேளக்காரர் நிலைமையைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். ஓர் அம்மா கைகூப்பி முன்னால் வந்து, "யாரு சாமி வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"நரம்பு" என்றார் மாமா.

அந்த அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என் மவனுக்கு வேலை நிரந்தரமாகுமா சாமி?"

"காலு, காலு" என்றார் மாமா. இதையும் அந்த அம்மா ஏதோ குறியாக எடுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அத்தை கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். மாமாவைத் தூணில் சாய்த்து உட்காரவைத்து, குனிந்து, அவர் விரல்களைப் பிடித்து முழங்கால் பக்கமாக மேலே வளைத்துப் பிடித்தார். பிடித்த தசையை அப்படி நீட்டிப் பிடித்தால் விட்டுவிடும். நான் வீட்டில் ஒருமுறை சொன்னதை அவர் நினைவில் வைத்திருந்தார். மாமாவின் முகம் மெல்லத் தளர்ந்தது. கூட்டத்தில் ஒருவர், "அந்த அம்மா காலப் புடிச்சதும் சாமி எறங்கிருச்சு" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிக் கொண்டிருந்தார்.

காடியில் திரும்பி வரும்போது மாமா நெற்றித் திருநீற்றைத் துடைக்கவில்லை. வீடு நெருங்கும்போது, "அந்தப் பையனுக்கு வேலை கெடச்சிரும்னு சொல்லியிருக்கலாம். பாவம்" என்றார்.

அதன்பிறகு அவர் நான் சொன்னபடி செய்தார். இன்னும் சரியாகச் சொன்னால், அத்தை சொன்னபடி செய்தார். காலையில் நான் கிளினிக்குக்குப் புறப்படும்போது இருவரும் அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பார்கள். "விரலால பிறாண்டாதீங்க. அழுத்துங்க. மூச்ச விடுங்க" என்று அத்தை சொல்வார். பல வாரங்கள் கழித்து ஒரு நாள் பெருவிரல் மட்டும் எழும்பியது. மாமா எனக்கு வேலை நேரத்தில் வீடியோ அனுப்பினார். கால் மட்டும் தெரியும் வீடியோ, பின்னணியில் அத்தை "நாலும் கீழ, நாலும் கீழ" என்று சொல்லும் குரல்.

மாமாவின் அக்கா பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வந்தது அந்தச் சமயத்தில்தான். பெண் பார்க்கப் போன அன்று அவரும் இருந்தவர். அம்மாவின் வாய் அப்படியே அவருக்கு. வந்த அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். மாமா புதிதாக வாங்கிய குளிர்சாதனப் பெட்டி ஒரே மாதத்தில் கெட்டுப்போனதைச் சொல்லிக் கொண்டிருந்தார். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மா அன்னிக்கே சொன்னாங்க தம்பி. தட்டைக்கால் வந்த வீடுன்னு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அத்தை எழுந்தார். ரசம் எடுக்க உள்ளே போனார்.

மாமா வழக்கமாக இந்த இடத்தில் வாத்து என்று ஒன்றைச் சேர்ப்பார். அன்று சேர்க்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, அக்காவுக்கு எதிரே நின்றார்.

"அக்கா, அம்மாவுக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாது. நானும் தெரியாமத்தான் இத்தன வருஷமா பேசிக்கிட்டிருந்தேன். அவ கால்ல ஸ்பிரிங் இருக்கு. ஏறி எறங்குது. எனக்குத்தான் கட்ட மாதிரி கெடக்கு. உங்களுக்கும் எனக்கும் ஒரே காலு, உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். நடக்கும்போது அவ காலு பலத்தச் சேத்து வச்சு முழுசாத் திருப்பிக் குடுக்குது."

"முழுசா இல்ல மாமா, ஒரு பங்கு" என்றேன்.

"ஒரு பங்கு. அதுவே பெரிசு. இந்தா, இங்க வா" என்று உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

அத்தை ரசப் பாத்திரத்தோடு வந்தார். "குதிகாலத் தூக்கிக் காட்டு" என்றார் மாமா.

"சாப்புடுற நேரத்துல என்னங்க. நான் என்ன சர்க்கஸா?"

"ஒரு தடவ. அக்கா பாக்கட்டும்."

அத்தை பாத்திரத்தை மேசையில் வைக்கவில்லை. இரண்டு கையிலும் பிடித்தபடி, சேலைக் கொசுவத்தைக் காலால் கொஞ்சம் ஒதுக்கி, எழும்பினார். ரசம் ஒரு சொட்டும் சிந்தவில்லை. பிறகு கேட்காமலே ஒரு காலைத் தூக்கினார். மாமாவின் அக்கா சாப்பிடும் கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். வளைவைப் பார்த்து அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. ஆனால் தம்பி இவ்வளவு நேரம் நின்றுகொண்டு பெண்டாட்டிக்காகப் பேசியது புரிந்திருக்க வேண்டும். "சரி, சரி, ரசத்த ஊத்து" என்றார். பிறகு, கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மெல்ல, "எனக்கும் கொஞ்ச நாளா மாடிப்படியில தடுமாறுதும்மா" என்றார். அவரையும் கிளினிக்குக்கு வரச் சொன்னேன். பரம்பரை என்று மாமா பெருமைப்பட்ட வளைவு அவரிடமும் இருந்தது, அதே கட்டை.

மாமாவின் பாதம் இன்றும் அதே உருவத்தில்தான் இருக்கிறது. பயிற்சியால் அது மாறவில்லை, மாறும் என்று நான் சொல்லவும் இல்லை. தடுமாற்றம் குறைந்தது. டாக்டரும் பார்த்துவிட்டு வேறு கவலை இல்லை என்றார். விழாமல் இருக்கிறார், எனக்கு அது போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் சன்னலோரம் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஒடித்துக் கொண்டிருந்தோம். நான் அத்தையிடம் கேட்டேன். "உங்களுக்கு மட்டும் எப்படி அத்தை, யாரும் சொல்லிக் குடுக்காமலே ஒத்தக் கால்ல அப்படி நிக்க வருது?"

அவர் யோசித்தார். "தொழிற்சாலையில நாள் பூரா நிக்கணும்லா. ரெண்டு காலும் எரியும். உக்காந்தா சூப்பர்வைசர் வந்துருவான். மேசைக்குக் கீழ சப்பாத்த மெதுவாக் கழட்டிருவேன். ஒரு கால்ல நின்னு இன்னொரு காலுக்கு லீவு குடுப்பேன். அப்புறம் மாத்திக்குவேன். கை பாட்டுக்கு வேலை பாக்கும். ஒருத்தருக்கும் தெரியாது."

அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஓய்வு பெறும்வரை அப்படி நின்றவருக்கு நான் புதிதாகச் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

மாமா காய் ஒடிப்பதை நிறுத்தியிருந்தார். "கால் எரியுதுன்னு வீட்டுல ஒரு நாளும் சொன்னதில்லையே."

"எதுக்குச் சொல்ல. கால்ன்னாலே வாத்தும்பீங்க."

மாமா கொத்தவரங்காய்த் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அத்தையின் பங்கையும் சேர்த்து ஒடிக்க ஆரம்பித்தார். நாரை எடுக்காமல் ஒடித்தார். அத்தை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.